பழைய விலையை ஆண்டு கடத்துவதற்கு ஒரு சொல்: கலைச்சொல் விவாதம்

சிவகௌரி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். யாழ்ப்பாணத்தில் எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தின் பழைய கணக்குப் புத்தகங்களை வைத்து ஒரு சிறு கண்காட்சி செய்கிறோம். விளக்கப் பலகைகளின் தமிழ் வாசகம் வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போயாக வேண்டும்.

சிக்கல் ஒரு பலகையில்தான். 1976இல் தோட்டக்காரர்களுக்காக ஒரு யப்பான் வாட்டர் பம்ப் 2,000 ரூபாய்க்கு வாங்கியிருக்கிறார்கள். 1980இல் அதே வகைப் பம்ப் 4,200 ரூபாய். ஆங்கில வாசகம் "பணவீக்கத்தினால் விலை இரு மடங்குக்கு மேல் ஏறியது" என்கிறது. எனக்கு அது இடிக்கிறது. 1977 நவம்பரில் ரூபாயை மிதக்க விட்டார்களே, அந்தப் பங்கு எங்கே?

பிறகு சொல். பழைய ரூபாயை வேறோர் ஆண்டின் ரூபாயாக ஆக்குவதற்கும், ரூபாயை டொலர் ஆக்குவதற்கும் தமிழில் "மாற்றுதல்" என்றே எழுதுகிறோம். ஒரே பலகையில் இரண்டும் வந்தால் வாசிப்பவர் குழம்புவார். முதலாவதற்கு என்ன சொல்லலாம்?

ரஜீவன் எழுதியது:

அக்கா, இதில் குழப்பமே இல்லை. டொலர் ஏறினால் எல்லாமே ஏறும், அதுதான் பணவீக்கம். 2022இல் பார்த்தோமே. மார்ச் மாதத்தில் 200 ரூபாய் நின்ற டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. செப்டெம்பரில் கொழும்பு விலைச்சுட்டெண் ஆண்டுக்கு ஆண்டு கிட்டத்தட்ட 70 வீதம் ஏறியிருந்தது.

கணக்கு வேண்டுமென்றால்: 1976இலிருந்து 1980வரை சுட்டெண் 1.58 மடங்கு, டொலர் 1.97 மடங்கு. இரண்டையும் பெருக்கினால் 2,000 ரூபாய் 6,200 ஆகிறது. பம்ப் 4,200க்குக் கிடைத்தது மலிவுதான். சொல்லுக்கு "பணவீக்கச் சரிசெய்தல்" போதும்.

பண்டிதர் மகாலிங்கம் எழுதியது:

"சரிசெய்தல்" என்றால் பிழையாக இருந்ததைத் திருத்துவது. 2,000 ரூபாயில் என்ன பிழை? அன்றைக்கு அதுதான் விலை.

சொல் நம்மிடமே இருக்கிறது. அகநானூற்றில் உப்பு விற்கும் பெண் "நெல்லும் உப்பும் நேரே" என்று கூவுகிறாள். "நேர்" என்றால் அளவுக்கு அளவு சமம். அதே நூலில் இன்னொரு பாட்டு அந்தக் கூவலை "விலைமாறு கூறல்" என்கிறது. ஆகவே 1976இன் 2,000 ரூபாய்க்கு 1980இன் நேர்விலை இவ்வளவு என்று எழுதலாம். "நொடை" என்றும் ஒரு பழஞ்சொல் உண்டு, விற்பதற்கும் விலைக்கும். "நேர்நொடை" இன்னும் அழகு. கள் விற்ற வீட்டை நொடைவீடு என்பதா என்று ஒரு காலத்தில் யோசித்தேன். அது வேறு கதை.

செல்வமலர் எழுதியது:

ஐயா, உயர்தர வகுப்பில் "நேர்நொடை" என்று எழுதிவிட்டு நான் பாடசாலை வாசலைத் தாண்ட முடியாது.

பாடப்புத்தகத்தில் "மாறா விலை" இருக்கிறது. ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், இலக்கணத்தில் குறையில்லை. ஆனால் விளக்கம் கேட்டால் பிள்ளைகளில் பாதிப் பேர் "அரசாங்கம் மாறாமல் வைத்திருக்கும் விலை" என்று எழுதுகிறார்கள், அதாவது கட்டுப்பாட்டு விலை. "சுருக்குதல்" என்றால் பணச்சுருக்கத்தோடு முட்டுகிறது. "வீக்கநீக்கம்" என்று ஒருவர் முன்பு சொன்னார். அது முழங்காலுக்குப் பூசும் மருந்துபோல் இருக்கிறது.

தில்லைநாதன் எழுதியது:

சொல்லுக்கு முன் ரஜீவன் தம்பியின் 6,200ஐ இறக்கி வைக்க வேண்டும். அது பலகையில் ஏறினால் நாளைக்கு யாராவது மேற்கோள் காட்டுவார்கள்.

தம்பி இரண்டு தடவை எண்ணிவிட்டார். ரூபாயில் நின்றுகொண்டு கொழும்புச் சுட்டெண்ணால் பெருக்கினால் 1976இலிருந்து 1980க்கு வந்துவிட்டோம். வந்த பிறகு மறுபடியும் டொலர் விகிதத்தால் பெருக்கினால் அதே தூரத்தை இன்னொரு முறை நடக்கிறோம். ஆண்டை ஒரு முறைதான் கடக்க வேண்டும். எந்த நாட்டு நாணயத்தில் நிற்கிறோமோ அந்த நாட்டுச் சுட்டெண்ணால்தான் கடக்க வேண்டும்.

அப்படியானால் வழி இரண்டு. முதல் வழி ரூபாயிலேயே நிற்பது. 1952ஐ 100ஆகக் கொண்ட கொழும்புச் சுட்டெண் 1976இல் 200ஐச் சற்றே தாண்டி நின்றது, 1980இல் 318. ஆகவே 2,000 ரூபாய் 1980இன் ஏறக்குறைய 3,160 ரூபாய்.

இரண்டாம் வழி டொலரில் கடப்பது. 1976இல் டொலர் சராசரி 8.40 ரூபாய், எனவே 238 டொலர். அமெரிக்க விலைகள் அந்த நான்கு ஆண்டில் 45 வீதம் ஏறின, எனவே 345 டொலர். 1980இன் 16.50 ரூபாயால் திருப்பினால் 5,700 ரூபாய்.

3,160 எங்கே, 5,700 எங்கே! ஒரே பொருள், ஒரே இரண்டு ஆண்டுகள். இவ்வளவு இடைவெளி வந்தால் எடுத்த வீதத்தைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். 8.40 ரூபாய் என்பது ஏட்டில் இருந்த வீதம். 1968இலிருந்து 1977வரை அந்நியச் செலாவணி உரித்துச் சான்றிதழ் என்று ஒன்று இருந்தது. வயது போனவர்களுக்கு "ஃபீக்ஸ்" என்றால் புரியும். அரிசி, மா, மருந்து போன்றவை உத்தியோகபூர்வ வீதத்தில் வந்தன. மற்றவற்றை இறக்குவோர் அதற்கு மேல் சான்றிதழுக்கும் பணம் கட்டினார்கள். 1972இன் இறுதியிலிருந்து அது 65 வீதம். பம்ப் இறக்கியவருக்கு டொலர் 8.40 அல்ல, 13.86 ரூபாய்.

அந்த வீதத்தை வைத்துப் பாருங்கள். 2,000 ரூபாய் 144 டொலர்தான். அமெரிக்க விலையேற்றத்தோடு 209 டொலர். 1980இல் 3,450 ரூபாய். இரண்டு வழியும் கிட்ட வந்துவிட்டன.

1977 நவம்பரில் இரட்டை வீதத்தை ஒன்றாக்கி மிதக்க விட்டபோது டொலர் 16 ரூபாய்க்கு அருகே போனது. ஏட்டில் பார்த்தால் இரட்டிப்பு. பம்ப் வாங்குபவருக்கு 14 ரூபாயிலிருந்து 16. மாவும் மருந்தும் வாங்கியவருக்குத்தான் முழு அடியும் விழுந்தது. ஆகவே கௌரி, "நாணய மதிப்பு பாதியானதால்" என்றும் பலகையில் எழுதிவிடாதீர்கள்.

ரஜீவன் எழுதியது:

சரி சேர், பெருக்கியதை எடுத்துவிடுகிறேன். ஆனால் டொலர் ஏறினால் விலை ஏறும் என்பது பொய்யா?

தில்லைநாதன் எழுதியது:

பொய்யில்லை. இறக்குமதியில் வாழும் நாட்டில் முதலாவது இரண்டாவதை இழுத்துக்கொண்டு வரும். 2022இல் சில மாதங்களுக்குள் வந்ததால் இரண்டும் ஒன்றுபோல் தெரிந்தது. 1976இல் அனுமதிப்பத்திரமும் கட்டுப்பாட்டு விலையும் இரண்டையும் பிரித்து வைத்திருந்தன. யாழ்ப்பாணத்துக்கு இன்னொன்றும் உண்டு: 1977க்குப் பிறகு வெங்காயமும் மிளகாயும் தாராளமாக இறக்குமதியாகின. பம்ப் விலை ஏறியபோது, அதை ஓட்டி விளைவித்த வெங்காயத்துக்கு முன்னைய பாதுகாப்பு இல்லை. பொதுச் சுட்டெண்ணில் இது தெரியவே தெரியாது.

மரியதாஸ் (ரொறன்ரோ) எழுதியது:

ஏன் இவ்வளவு சிரமம்? எங்கள் வீட்டில் எல்லாமே பவுண் கணக்குத்தான். அம்மாவின் தாலிக்கொடி 1976இல் செய்தது. 2,000 ரூபாய்க்கு அன்றைக்கு எத்தனை பவுண் வாங்கலாம், 1980இல் அதற்கு என்ன விலை என்று பார்த்தால் முடிந்தது. அதோடு, அப்பாவின் 1980ஆம் ஆண்டு ஓய்வூதியத்தை கனேடிய டொலரில் எப்படிக் கணக்கிடுவது என்றும் யாராவது சொல்லுங்கள்.

தில்லைநாதன் எழுதியது:

தங்கம் 1976இல் அவுன்ஸ் 125 டொலர் அளவில் நின்றது, 1980இல் சராசரி 600ஐத் தாண்டியது. பவுணால் அளந்தால் பம்ப் 1980இல் பாதி விலைக்கும் கீழே கிடைத்ததுபோல் தெரியும். அது தங்கத்தின் கதை, பம்பின் கதை அல்ல. ஓய்வூதியத்தை ரூபாயிலேயே இன்றைக்குக் கொண்டு வந்து, கடைசியில் இன்றைய வீதத்தால் ஒரு முறை மாற்றுங்கள்.

செல்வமலர் எழுதியது:

சேர் "கடத்தல்", "கடப்பது" என்றே எழுதுகிறார். "விலை கடத்தல்" என்று வைத்தால் சுங்கத் திணைக்களம் வந்துவிடும். "நாணயமாற்று" ஏற்கெனவே எல்லோருக்கும் தெரிந்த சொல். அதற்கு இணையாகக் காலமாற்று என்று வைத்தால் என்ன? "முதலில் காலமாற்று, பிறகு நாணயமாற்று" என்று வகுப்பில் சொன்னால் ரஜீவன் செய்த பெருக்கலைப் பிள்ளைகள் செய்ய மாட்டார்கள்.

பண்டிதர் மகாலிங்கம் எழுதியது:

நாணயமாற்று என்றால் நாணயத்தை மாற்றுதல், இரண்டாம் வேற்றுமைத் தொகை. அதே வழியில் காலமாற்று என்றால் காலத்தை மாற்றுதல் ஆகிவிடும். காலத்தை யாரம்மா மாற்றுவது? மாறுவது விலை. நேர்விலை என்பதில் இந்த இடரே இல்லை.

செல்வமலர் எழுதியது:

காலத்துக்கு ஏற்ப மாற்றுதல் என்று விரித்துக்கொள்ளுங்கள் ஐயா. தொகை விரிப்பவர் கையில் இருக்கிறது. "கடிசொல் இல்லைக் காலத்துப் படினே" என்று தொல்காப்பியரே விட்டுக்கொடுத்திருக்கிறார். நேர்விலை என்றால் பேரம் பேசாத விலை என்றுதான் திருநெல்வேலிச் சந்தையில் விளங்கிக்கொள்வார்கள்.

பண்டிதர் மகாலிங்கம் எழுதியது:

தொல்காப்பியர் சொன்னது காலத்தில் வழங்கி வரும் சொல்லுக்கு. நேற்று மாலை பிறந்த சொல்லுக்கு அல்ல.

ரஜீவன் எழுதியது:

ஒரு சந்தேகம். அது யப்பான் பம்ப்தானே? ஏன் டொலரில் போகிறோம்? 1976இல் டொலர் 296 யென், 1980இல் 227 யென். சேர் சொன்ன 13.86ஐ வைத்து யென்னுக்கு ரூபாய் எவ்வளவு என்று பார்த்தேன். 55 வீதம் ஏறியிருக்கிறது. யப்பானில் விலை ஏறவே இல்லை என்று வைத்தாலும் 3,100 ரூபாய் வருகிறது.

தில்லைநாதன் எழுதியது:

நல்ல இடத்தைப் பிடித்திருக்கிறீர்கள் தம்பி. பொருள் எந்த நாணயத்தில் விலை போடப்பட்டதோ அதில்தான் பார்க்க வேண்டும். இதோடு யப்பான் தொழிற்சாலை விலையேற்றமும், 1979இன் எண்ணெய் விலையேற்றத்துக்குப் பிந்திய கப்பல் கூலியும் சேர்ந்தால் 4,200 புதிராகத் தெரியவில்லை. எந்தப் பங்கு எவ்வளவு என்று ரூபாய் சதமாகப் பிரிக்க இந்த ஒரு பற்றுச்சீட்டு போதாது.

சிவகௌரி எழுதியது:

நேரம் முடிகிறது. பலகையில் இப்படிப் போடுகிறேன்: "1976இன் 2,000 ரூபாய், கொழும்பு விலைச்சுட்டெண்படி காலமாற்றுச் செய்தால், 1980இன் சுமார் 3,160 ரூபாய். பம்பின் விலை அதையும் தாண்டி 4,200 ரூபாய் ஆனதற்கு ரூபாயின் மதிப்பிறக்கமும் யென்னின் ஏற்றமும் காரணங்களில் அடங்கும்." காலமாற்றுக்கு மூன்று பேர், நேர்விலைக்கு ஒருவர், மரியதாஸ் அண்ணா எந்தப் பக்கம் என்று தெரியவில்லை.

பண்டிதர் மகாலிங்கம் எழுதியது:

அச்சாகட்டும். என் மறுப்பையும் பதிந்து வையுங்கள். "காலமாற்றுச் செய்தால்" என்பதில் ஒற்று மிகுந்தது சரி. அந்த ஒன்றுக்காகவாவது நன்றி.

செல்வமலர் எழுதியது:

அடுத்த பலகை 1990க்குப் பிந்தியது என்று கௌரி முன்பு சொன்ன நினைவு. பொருளாதாரத் தடைக் காலத்தில் இங்கே மண்ணெண்ணெய் போத்தல் விற்ற விலைக்கும் கொழும்பு விலைக்கும் சம்பந்தமே இல்லை. அந்தக் கணக்கைக் கொழும்புச் சுட்டெண்ணால் காலமாற்றுச் செய்வதா, சேர்? அல்லது யாராவது வீட்டுச் செலவுக் கொப்பி வைத்திருக்கிறார்களா?