லிட்டரேச்சர் ரிவ்யூ மளிகைச் சீட்டு மாதிரி வருகிறது, எப்படிச் சரி செய்வது?

தாராவி செல்வி

மும்பையில் அரசியல் அறிவியல் பிஎச்டி, இரண்டாம் வருடம். மாநகராட்சித் தேர்தலுக்கு முந்தின வாரம் எங்கள் சால் குடியிருப்புக்குள் வரும் பணக் கவர், புடவை, குக்கர் இதெல்லாம் வாக்கை மாற்றுகிறதா என்பதுதான் என் தலைப்பு. 22 பக்கம் லிட்டரேச்சர் ரிவ்யூ எழுதிக் கொடுத்தேன். கைடு திருப்பித் தந்தபோது முதல் பக்க ஓரத்தில் பென்சிலால் இரண்டே வார்த்தை: 'கிராணா யாதி'. மராத்தியில் மளிகைச் சீட்டு. வேறு எந்தத் திருத்தமும் இல்லை.

ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் போடுகிறேன், ஒரு பத்தி மட்டும்:

"ஸ்டோக்ஸ் (2005) அர்ஜென்டினாவில் கட்சி ஆட்கள் வாக்காளர்களைக் கண்காணிக்கிறார்கள் என்கிறார். நிக்டர் (2008) பணம் வாக்குச்சாவடிக்கு ஆள் வரவைக்கவே கொடுக்கப்படுகிறது என்கிறார். பியோர்க்மன் (2014) மும்பையில் வாக்கை விலைக்கு வாங்க முடியாது என்கிறார். அவர்பாக், தாச்சில் (2018) ஜெய்ப்பூர், போபால் குடிசைப் பகுதிகளில் மக்கள் தங்கள் தலைவரை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்று ஆராய்ந்தனர். ஷோஷார் (2018) மும்பை வேட்பாளர்கள்..."

இப்படியே 22 பக்கம். முதலில் ஆண்டு வரிசையில் இருந்தது. பிறகு நாடு வாரியாகத் தலைப்பு வைத்தேன். அப்புறம் கருத்துக்கணிப்பு செய்தவர்கள் தனி, நேரில் தங்கிப் பார்த்தவர்கள் தனி என்று மாற்றினேன். மூன்று தடவையும் சீட்டு சீட்டாகத்தான் நிற்கிறது. "விவாதங்களாகப் பிரி" என்கிறார்கள். விவாதம் எங்கே இருக்கிறது என்றுதான் தெரியவில்லை.

கோலிவாடா குமார்

எனக்கும் இதே கதைதான் நடந்தது. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் 'மாறாக', 'இதற்கு வலுச்சேர்க்கும் வகையில்', 'இருப்பினும்' என்று சேர்த்தேன், கைடு ஓகே சொல்லிவிட்டார். ஒரு ராத்திரி வேலை.

பெங்களூரு வாணி

நாடு வாரியாகப் பிரித்ததில் என்ன தப்பு? அர்ஜென்டினா கட்சி அமைப்பு வேறு, மும்பை வேறு. இரண்டையும் ஒரே பத்தியில் போட்டால்தான் குழப்பம். நான் பெங்களூரு தண்ணீர் டேங்கர் அரசியல் பற்றி எழுதியபோது லத்தீன் அமெரிக்கா, ஆப்பிரிக்கா, தெற்காசியா என்று மூன்று பிரிவு வைத்தேன்.

பிரகாஷ்_2

காப்பி இருக்கிறதா என்று பார்க்கும் சோதனையில் சிமிலாரிட்டி எத்தனை சதவீதம் வந்தது? 10க்குள் இருந்தால் கவலைப்படாதீர்கள், பட்டியலாக இருந்தால் என்ன.

தாராவி செல்வி

பிரகாஷ், அது பிரச்சினையே இல்லை. எல்லாம் என் சொந்த வாக்கியம்தான். அதுதான் கவலையே.

முனிர்க்கா மீனாட்சி

டெல்லியில் பாடம் எடுக்கிறேன், ஆய்வேடு திருத்தித் திருத்தியே கண் போயிற்று. செல்வி, உங்கள் பத்தியிலேயே விவாதம் இருக்கிறது. நீங்கள் அதன் மேல் உட்கார்ந்திருக்கிறீர்கள், அதனால் தெரியவில்லை.

ஒரு வெள்ளைத்தாள் எடுங்கள். ஒவ்வொரு கட்டுரைக்கும் நேரே அது என்ன சொல்கிறது என்று எழுதாதீர்கள், எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது என்று எழுதுங்கள். கேள்விக்குறியோடு முடிய வேண்டும், ஒரு வரிக்கு மேல் போகக் கூடாது. ஒரே கேள்விக்கு வேறு வேறு பதில் சொல்கிறவர்கள்தான் சண்டை போட முடியும். கேள்வியே வேறு என்றால் அவர்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள், எதிராளிகள் இல்லை.

நீங்கள் கொடுத்த பெயர்களை வைத்தே செய்து பார்ப்போம். வாக்கு ரகசியம். பணத்தை வாங்கிக்கொண்டு ஒருவர் வேறு சின்னத்தில் பொத்தானை அழுத்தினால் யாருக்கும் தெரியாது. அப்படியிருக்க கட்சி ஏன் பணம் கொடுக்கிறது? இதுதான் கேள்வி.

ஸ்டோக்ஸின் பதில், முழுக்க ரகசியம் இல்லை என்பது. தெருவிலேயே வாழும் கட்சி ஆளுக்கு யார் எப்படிப் போடுவார் என்று ஓரளவு பிடிபடும். ஏமாற்றினால் அடுத்த முறை உதவி நின்றுபோகும் என்ற பயம் வாக்காளரைக் கட்டிப்போடுகிறது. அதனால் கட்சிக்குக் கொஞ்சம் எதிராகச் சாய்ந்திருப்பவரைத் தேடிப்போய்க் கொடுப்பது லாபம். நிக்டரின் பதில், எந்தச் சின்னத்தில் போட்டார் என்று பார்க்கத் தேவையே இல்லை என்பது. சாவடிக்கு வந்தாரா என்று மட்டும் பார்த்தால் போதும், அது வாசலில் நின்றாலே தெரியும். அப்படியானால் பணம் போவது எதிராளிக்கு இல்லை, சோம்பல்பட்டு வீட்டில் இருந்துவிடக்கூடிய சொந்த ஆதரவாளருக்கு.

இதில் ருசியான விஷயம், நிக்டர் புதிதாக எந்த ஊருக்கும் போகவில்லை. ஸ்டோக்ஸ் பயன்படுத்திய அதே அர்ஜென்டினா கணக்கெடுப்பை எடுத்து வேறு மாதிரி வாசித்தார். தரவு ஒன்று, முடிவு இரண்டு. இருவரையும் பிரிப்பது நாடும் இல்லை, முறையும் இல்லை. கட்சி ஆளின் கண்ணுக்கு எதுவரை தெரியும் என்ற ஒரே அனுமானம். உங்கள் முதல் விவாதத்தின் பெயர் அதுதான்.

இந்த இடத்துக்கு வந்ததும் அடுத்து யாரைக் கூப்பிட வேண்டும் என்று தானாகத் தெரியும். மார்க் ஷ்னைடர் 2019இல் ராஜஸ்தான் கிராமங்களில் இதைச் சோதித்தார். இந்த வாக்காளர் எந்தக் கட்சிக்காரர் என்று உள்ளூர்த் தலைவர்களிடமே ஊகிக்கச் சொன்னார். பெரிதாகப் பிடிபடவில்லை. அவரை 'இந்தியா' என்ற தலைப்பின் கீழ் போட்டால் அவர் இன்னொரு சீட்டு. இங்கே போட்டால் ஸ்டோக்ஸின் அடிக்கல்லை அசைத்துப் பார்க்கும் ஆள்.

குமார், இணைப்புச் சொல் வெறும் சுண்ணாம்பு. 'மாறாக' என்று போட்டால் எதில் மாறு என்று கேட்கும் தேர்வாளர் ஒருவர் வருவார்.

தாராவி செல்வி

மேடம், இப்போதுதான் பிடிபடுகிறது. அப்படியென்றால் பியோர்க்மனும் ஷோஷாரும் மூன்றாவது பதிலா? இருவருமே மும்பை, இருவருமே பணத்தால் வாக்கு வராது என்கிறார்கள். ஒரே பெட்டியில் போடலாமா?

முனிர்க்கா மீனாட்சி

அவசரப்படாதீர்கள், இங்கேதான் நிறையப் பேர் வழுக்குகிறார்கள். முடிவு ஒன்றாக இருந்தால் அணி ஒன்று என்று ஆகாது.

ஷோஷார் பார்ப்பது வேட்பாளரின் இக்கட்டு. கொடுத்த பணத்தில் ஒரு பங்கு நடுவில் கரைகிறது, மிச்சத்துக்கும் வாக்கு வருமா என்று கொடுப்பவருக்கே நம்பிக்கை இல்லை. ஆனாலும் எதிராளி கொடுக்கும்போது தான் மட்டும் நிறுத்த பயம். ஆக அவரும் 'ஏன் கொடுக்கிறார்கள்' என்ற அதே கேள்விக்குத்தான் பதில் சொல்கிறார். வாக்காளரை விட்டுவிட்டு போட்டியாளரைக் காரணமாகக் காட்டுகிறார்.

பியோர்க்மன் நேரில் தங்கிப் பார்த்து எழுதியவர். அவர் கேள்வியையே ஒத்துக்கொள்வதில்லை. இதை விற்பனை என்று யார் சொன்னது என்கிறார். தேர்தல் நேரத்தில் பணம் கை மாறும்போது யார் யாரோடு, யாரால் வேலை நடக்கும் என்ற உறவுகள் வெளியே தெரிகின்றன, சில அப்போதே உண்டாகின்றன. இவரை நான்காவது பதில் என்று வரிசையில் நிறுத்தினால் அவருக்கு அநியாயம். பத்தி பிரித்து, "மேலே சொன்ன எல்லோரும் பணத்தை ஒரு விலையாகவே எடுத்துக்கொள்கிறார்கள்" என்று ஆரம்பித்து அவரைக் கொண்டுவாருங்கள்.

அவர்பாக், தாச்சில் இந்தப் பத்தியில் இருக்கவே கூடாது. மக்கள் எப்படிப்பட்டவரைத் தங்கள் தலைவராக ஏற்கிறார்கள் என்பது அவர்கள் கேள்வி. படிப்பு, அலுவலகங்களில் ஆளைத் தெரியுமா என்பதெல்லாம் எடைபோடப்படுகிறது. அது வருஷம் முழுக்க நடக்கும் ரேஷன் கார்டு, குழாய், சாக்கடை விவகாரம், தேர்தல் வார கவர் இல்லை. அடுத்த பகுதியில் வையுங்கள்.

சயான் முருகேசன்

நான் படிப்பாளி இல்லை, இரண்டு தேர்தலில் பூத் ஏஜென்ட்டாக உட்கார்ந்தவன். நீங்கள் ஒருத்தர் ஒருத்தராகப் பார்ப்பது பற்றியே பேசுகிறீர்கள். எங்களுக்கு எதற்கு ஒருத்தர்? சட்டமன்றத் தேர்தல் முடிந்தால் படிவம் 20 வருகிறது, பூத் வாரியாக எத்தனை வாக்கு என்று பார்க்கலாம். எங்கள் பூத்தில் 900 சொச்சம் பேர். அதில் நான்கைந்து சால் அடங்கிவிடும். எந்தச் சந்து கவிழ்த்தது என்று மறுநாளே பேச்சு அடிபடும். இதை எந்தப் பேராசிரியரும் எழுதவில்லையா?

முனிர்க்கா மீனாட்சி

எழுதியிருக்கிறார்கள் அண்ணா, தனி ஆளைப் பார்ப்பது வேறு, கூட்டமாகப் பார்ப்பது வேறு என்ற பேச்சு வெளிநாட்டு ஆய்வுகளிலும் உண்டு. ஆனால் நீங்கள் சொன்ன அளவு கூர்மையாகச் செல்வியின் அத்தியாயத்தில் இல்லை. செல்வி, பார்த்தீர்களா? "தாராவியைப் பற்றி யாரும் எழுதவில்லை" என்று இடைவெளி காட்டாதீர்கள், அது எந்தத் தெருவுக்கும் பொருந்தும். கட்சி ஆளின் கண் தனி வாக்காளரிடம் நிற்கிறதா, பூத் கணக்கில் நிற்கிறதா என்பது இந்த விவாதத்துக்குள்ளிருந்தே வரும் இடைவெளி. ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், அண்ணா சொன்னது சட்டமன்றக் கணக்கு. உங்கள் தலைப்பு மாநகராட்சி. அங்கே பூத் வாரிக் கணக்கு எந்த வடிவில் கைக்குக் கிடைக்கிறது என்று களத்தில் விசாரித்துத்தான் எழுத வேண்டும்.

பெங்களூரு வாணி

ஒத்துக்கொள்கிறேன், ஆனால் முழுதாக இல்லை. பியூனஸ் அயர்ஸில் பெரோனியக் கட்சி ஆள் அதே தெருவில் வருஷக்கணக்காக இருப்பவர். மும்பையில் தேர்தலுக்கு மட்டும் கூலிக்கு ஆள் பிடிக்கிறார்கள். ஷோஷாரும் ஸ்டோக்ஸும் முரண்படுவது அதனாலேயே இருக்கலாம் இல்லையா?

முனிர்க்கா மீனாட்சி

இருக்கலாம். அப்போது நாடு தலைப்பாக வராது, விவாதத்துக்குள் ஒரு காரணமாக வரும். உங்கள் டேங்கர் அத்தியாயத்தையும் அப்படி ஒரு தடவை திருப்பிப் பாருங்கள்.

தாராவி செல்வி

இரண்டு நாள் கழித்து வருகிறேன். புதுப் பத்தி:

"வாக்கு ரகசியமாக இருக்கும்போது கட்சிகள் ஏன் பணம் கொடுக்கின்றன என்பதற்கான விளக்கங்கள், கட்சி ஆளால் எதைக் கண்டறிய முடியும் என்ற அனுமானத்தில் பிரிகின்றன. வாக்கையே ஊகிக்க முடியும் என்றால் எதிராகச் சாய்ந்தவருக்குக் கொடுப்பது பொருந்தும் (ஸ்டோக்ஸ் 2005). வருகையை மட்டுமே பார்க்க முடியும் என்றால் அதே தரவு, சொந்த ஆதரவாளருக்குக் கொடுப்பதைக் காட்டுகிறது (நிக்டர் 2008). முதல் அனுமானத்தை நேரடியாகச் சோதித்த ஷ்னைடர் (2019) அதைப் பலவீனமாகவே காண்கிறார். ஊகம் பலவீனம் என்பதால் நிக்டரை விமர்சிக்கும் பியோர்க்மன்..."

முனிர்க்கா மீனாட்சி

கடைசி வாக்கியத்தைத் தவிர மிச்சம் நிற்கிறது. பழைய பத்தியில் வாக்கியங்களைக் கலைத்துப் போட்டாலும் ஒன்றும் ஆகாது, இதில் இரண்டாவதையும் நான்காவதையும் மாற்றிப் போட்டால் அர்த்தம் உடைகிறது. அதுதான் வேண்டியது.

ஆனால் பியோர்க்மன் நிக்டரை 'விமர்சிக்கிறார்' என்று எதை வைத்து எழுதினீர்கள்? அவர் கட்டுரையைத் திறந்து நிக்டர் பெயரைத் தேடுங்கள். இல்லையென்றால் அந்த மோதல் நீங்கள் கட்டியது. கட்டலாம், தப்பில்லை. "இந்த வாசிப்பில் நிக்டரின் அனுமானமும் கேள்விக்குள்ளாகிறது" என்று உங்கள் பொறுப்பில் எழுத வேண்டும். இன்னொன்று, அவர் கட்டுரை 2014, ஷ்னைடர் 2019. 'என்பதால்' என்று போட்டு ஐந்து வருடம் பின்னால் வந்தவரை அவருக்குக் காரணமாக்கிவிட்டீர்கள்.

தாராவி செல்வி

ஐயோ, அது கண்ணிலேயே படவில்லை. இப்போதே திருத்துகிறேன். கஞ்சன் சந்திரா (2004) மட்டும் எங்கேயும் உட்காரவில்லை மேடம். சாதிக்காரர் ஜெயித்தால் நமக்குக் கிடைக்கும் என்று தலை எண்ணி வாக்களிக்கிறார்கள் என்பதை அவர்பாக், தாச்சிலோடு வைக்கவா, தனியாகவா?

கோலிவாடா குமார்

தனியாக வை. அது இல்லாமல் இந்தியத் தேர்தல் பற்றி எழுதினால் வைவாவில் முதல் கேள்வியே அதுதான்.

முனிர்க்கா மீனாட்சி

வைவா பயத்துக்காக ஒரு பகுதி திறக்க வேண்டாம். ஆனால் எனக்கும் உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. அவர் வாக்காளர் ஏன் போடுகிறார் என்று கேட்கிறார், கட்சி ஏன் கொடுக்கிறது என்று அல்ல. உங்கள் சாலில் கவர் வாங்குவோர் சாதிக் கணக்கை வாய்விட்டுச் சொல்கிறார்களா என்று முதல் பத்து நேர்காணலில் பாருங்கள். அதுவரை பெயரைப் பென்சிலில் எழுதி ஓரத்தில் வையுங்கள்.