தங்கையின் பாலில் கரைந்த சிவப்பு

கல்லடியிலிருந்து:
தங்கைக்கு ஏழாம் மாதம். குழந்தை சிவப்பாகப் பிறக்கும் என்பது வெறும் நம்பிக்கை என்று தெரிந்தும், அம்மாவின் ஆசைக்காக நகரில் ஒரு கிராம் குங்குமப்பூ வாங்கினேன். போட்டதும் பால் ரோஸ் நிறமாகிவிட்டது. சந்தேகப்பட்டு, மறுநாள் அரைக் கிளாஸ் இளஞ்சூட்டு நீரில் ஐந்து இழைகளை இட்டேன். நீர் உடனே சிவந்தது. பத்து நிமிடத்தில் இழைகள் வெள்ளை நூலாக வெளுத்துக் கிடந்தன. அவள் இரண்டு நாள் குடித்துவிட்டாள். வேறு யாருக்காவது இப்படி நேர்ந்ததா?

காத்தான்குடியிலிருந்து, கல்யாணச் சமையல்காரர்:
தங்கச்சி, அது சாயமேற்றிய நார். சோளக் கதிரின் மயிரைக்கூட இப்படி விற்பார்கள். நல்ல பூ அவசரப்படாது. பொன்மஞ்சள் மெல்லக் கசியும், இழை நெடுநேரம் சிவப்பாகவே இருக்கும். நுனி ஊதுகுழல் வாய்போல விரிந்திருக்கும். நாக்கில் கசக்கும், இனித்தால், எடை கூட்டத் தேனோ பாகோ பூசியிருக்கிறார்கள். ஒரு பூவில் மூன்று இழைகள்தான். ஒரு கிராமுக்கு ஏறக்குறைய 150 பூக்களைக் கையால் பறித்துக் கிள்ள வேண்டும். கலப்படக்காரனை இழுப்பது அந்த விலைதான்.

ஏறாவூரிலிருந்து:
இவ்வளவு பார்க்கத் தேவையில்லை. நீர் மஞ்சளானால் அசல், சிவந்தால் போலி.

காத்தான்குடி:
அது பாதி உண்மை, தம்பி. குசும்பப்பூவும் மஞ்சள் விடும். கட்டாரிலிருந்து மச்சான் அனுப்பியது என்று ஒருவர் கல்யாண வீட்டுக்குக் கொண்டுவந்தார். நனைத்தேன், நீர் மஞ்சள்தான். வெள்ளைத் தட்டில் விரித்தபோது ஒவ்வொன்றும் மெல்லிய குழாயாக, மேலே ஐந்தாகப் பிளந்திருந்தது. குங்குமப்பூ இழை அப்படிப் பிளக்காது. அன்று பிரியாணிக்கு அதைச் சேர்க்கவில்லை.

அக்கரைப்பற்றிலிருந்து:
எங்களுக்கும் 2020இல் இதே கதை. இறக்குமதி நின்று விலை ஏறியபோது வாங்கிய தூளில் பாதி மாவு. கறிக்கு நிறமே வரவில்லை.

கல்லடி:
அக்கா, நீங்கள் சொல்வது மஞ்சள் தூள், குங்குமப்பூ அல்ல. ஆங்கிலத்தில் நம் பெரியவர்கள் அதையும் சஃப்ரான் என்பதால் வந்த குழப்பம்.

கல்முனையிலிருந்து:
நான் ஏமாந்தது ஏலக்காயில். பெருநாள் வட்டிலப்பத்துக்குப் பச்சைப்பசேலென்று வாங்கினேன், மணமே இல்லை. மிச்சத்தை நீரில் ஊறவைத்தால் நீர் பச்சையானது. உடைத்தால் விதைகள் வறண்டு உதிர்ந்தன. நல்ல விதை கறுத்து, பிசுபிசுத்து ஒட்டியிருக்கும். கடித்தால் வாய் குளிரும். எண்ணெய் எடுத்த காய்க்குச் சாயம் பூசியிருக்கிறார்கள் என்றே நினைக்கிறேன்.

காத்தான்குடி:
பழைய காயாகவும் இருக்கலாம், உடைத்துப் பார்த்து அதைப் பிரிக்க என்னால் முடியாது. தூளாக மட்டும் வாங்காதீர்கள். தோலை அரைத்துச் சேர்த்திருந்தால் வீட்டில் பிடிபடாது. தங்கச்சி, அந்தச் சாயம் என்னவென்று ஆய்வுகூடம்தான் சொல்லும். பெட்டியைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கொடுங்கள். தங்கையை மருத்துவரிடம் காட்டுங்கள்.

கல்லடி:
பெட்டியில் இறக்குமதி செய்தவர் பெயரே இல்லை, நானா. பற்றுச்சீட்டும் வாங்கவில்லை. மிச்ச இழைகளை நாளைக் காலை கொண்டுபோகிறேன். தங்கைக்கு நாளை கிளினிக் நாள், அங்கேயும் சொல்கிறேன்.