யு.கே. வேலை விசாவில் இருந்துகொண்டு படிப்புக்காக 11 வாரம் சம்பளமில்லா லீவு கேட்கலாமா?

கயல், லீட்ஸ்
எல்லோருக்கும் வணக்கம். லீட்ஸுக்கு வந்து இரண்டே கால் வருடம் ஆகிறது. ஸ்கில்டு வொர்க்கர் விசா, ஒரு பெரிய காப்பீட்டு நிறுவனத்தில் டேட்டா அனலிஸ்ட். கூடவே பகுதி நேரமாக எம்.எஸ்சி. படிக்கிறேன். ஆய்வேட்டை 2027 ஜனவரி 29-க்குள் கொடுக்க வேண்டும். ராத்திரி பத்து மணிக்கு மேல் உட்கார்ந்து எழுதிப் பார்த்துவிட்டேன், ஒரு மாதத்தில் ஆறு பக்கம்தான் தேறியது.

அதனால் நவம்பர் 16 முதல் ஜனவரி 29 வரை, 11 வாரம் சம்பளமில்லாத லீவு கேட்கலாம் என்று இருக்கிறேன். பிப்ரவரி 1 திங்களன்று வேலைக்குத் திரும்பிவிடுவேன். மேனேஜர் நல்ல மனுஷி, மறுக்க மாட்டார் என்றே தோன்றுகிறது. மார்ச்சில் மதுரையில் அப்பாவுக்கு ஆபரேஷன் நடந்தபோது 8 நாள் சம்பளமில்லாமல் போய்வந்தேன். அப்போது ஒரு வரி மெயில்தான் போட்டேன். இந்த முறை நாள் அதிகம், மெயிலை எப்படி எழுதுவது?

கரண், ஸ்லவ்
அவசரப்பட்டு ராஜினாமா செய்யாதீங்க. ஸ்டூடண்ட் விசாவுக்கு மாறினால் இங்கே நிரந்தரமாகத் தங்க ஐ.எல்.ஆர். அனுமதி வாங்க இதுவரை ஓடிய கணக்கு வீணாகிவிடும். மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டும்.

கயல், லீட்ஸ்
நான் ராஜினாமாவும் செய்யவில்லை, விசாவும் மாறவில்லை அண்ணா. லீவுதான் கேட்கிறேன்.

சாந்தி, ரெடிங்
மெயில் இருக்கட்டும் கயல், முதலில் நாட்களை எண்ண வேண்டும். மேனேஜர் சரி சொன்னாலும் விசா சரி சொல்லாது.

உன்னைப் போல் கம்பெனி ஸ்பான்சர் செய்து விசா வாங்கிய ஊழியர் ஒரு காலண்டர் வருடத்தில், அதாவது ஜனவரி 1 முதல் டிசம்பர் 31-க்குள், மொத்தம் 4 வாரத்துக்கு மேல் சம்பளமில்லாமலோ குறைந்த சம்பளத்திலோ வேலைக்கு வராமல் இருந்தால், கம்பெனி ஸ்பான்சர்ஷிப்பை நிறுத்தி ஹோம் ஆபீஸுக்குத் தெரிவிக்க வேண்டும். விதிவிலக்குகள் உண்டு. பிரசவ விடுப்பு, தத்தெடுப்பு, உடல்நலக் குறைவு, சட்டப்படியான வேலைநிறுத்தம் இப்படிச் சில. அந்தப் பட்டியலில் படிப்பு இல்லை.

11 வாரத்தை அப்படியே கேட்டு, மேனேஜரும் அப்படியே கொடுத்தால் நவம்பர், டிசம்பரிலேயே நீ எல்லையைத் தாண்டியிருப்பாய். உன் மார்ச் மாத 8 நாளும் இந்தக் கணக்கில்தான் வரும்.

மணி, மான்செஸ்டர்
நாலு வாரம் என்பது தொடர்ச்சியாக எடுத்தால்தான். மூன்று வாரம் எடுத்துவிட்டு நடுவில் ஒரு வாரம் வேலைக்கு வந்து, திரும்ப மூன்று வாரம் எடுத்தால் பிரச்சினை இல்லை. எங்கள் டீமில் ஒருவர் இப்படித்தான் செய்தார்.

சாந்தி, ரெடிங்
இல்லை மணி. விதியில் இருப்பது 'மொத்தம்'. துண்டு துண்டாக எடுத்தாலும் கூட்டித்தான் பார்ப்பார்கள். உங்கள் டீம்காரர் நடுவில் ஆண்டு லீவு போட்டிருக்கலாம், அல்லது இடையில் ஜனவரி 1 வந்திருக்கலாம். ஆனால் பிரித்து எடுக்கச் சொன்னது நல்ல யோசனை. அந்தப் பிரிவு புத்தாண்டில் விழ வேண்டும், அவ்வளவுதான்.

ஜெனிதா, கார்டிஃப்
நான் நர்ஸ். குழந்தை பிறந்தபோது ஒன்பது மாதம் போகவில்லை, கடைசி மாதங்களில் சம்பளம் பாதிக்கும் கீழே. ஒரு கடிதம்கூட வரவில்லை. ஹோம் ஆபீஸ் இதையெல்லாம் பார்ப்பதில்லை என்றுதான் நினைக்கிறேன். பயப்படாமல் எடு கயல்.

சாந்தி, ரெடிங்
ஜெனிதா, உங்களுக்கு வராததற்குக் காரணம் பிரசவ விடுப்பு விதிவிலக்கில் இருப்பது. அவர்கள் பார்க்காமல் விட்டார்கள் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

குமரன், ஹாரோ
அக்கா சொல்லுறது சரி, நான் பட்டு அறிந்தவன். முந்திய கம்பெனியில் கட்டடக்கலைப் பரீட்சைக்கு ஆறு கிழமை கேட்டேன். மேனேஜர் கையெழுத்துப் போட்டார், எச்.ஆரும் 'வாழ்த்துகள்' என்று மெயில் போட்டது. ஸ்பான்சர் லைசென்ஸ் பார்க்கிற ஆள் வேறொரு அலுவலகத்தில் இருந்தவர். சம்பளப் பட்டியலைப் பார்த்து அவருக்குத் தெரிய வந்தபோது நான் ஐந்தாம் கிழமையில் நிற்கிறேன். கம்பெனி அறிவிக்க வேண்டியதாய்ப் போச்சு. பிறகு விசாவை 60 நாளாகச் சுருக்கிக் கடிதம் வந்தது. அந்த 60 நாளுக்குள் வேறு ஸ்பான்சர் கிடைத்தது என்னுடைய அதிர்ஷ்டம்.

அதனால் மேனேஜரிடமும் எச்.ஆரிடமும் கேட்டால் மட்டும் போதாது. லைசென்ஸ் பார்க்கிற ஆள் யார் என்று கண்டுபிடித்து அவருக்கும் ஒரு பிரதி அனுப்பு தங்கச்சி.

கயல், லீட்ஸ்
ஐயோ. ஒரு வரி மெயிலில் முடிந்துவிடும் என்று நினைத்தேன். அக்கா, அப்படியென்றால் எனக்கு எத்தனை நாள்தான் கிடைக்கும்? இந்த வருட ஆண்டு லீவில் 9 நாள் மிச்சம் இருக்கிறது. புது லீவு ஜனவரி 1-ல் வந்து சேரும்.

சாந்தி, ரெடிங்
அந்த 9 நாளும் புது லீவும்தான் உனக்குக் கை கொடுக்கும். கணக்கு உன் வழக்கமான வேலை நாட்களை வைத்துத்தான். வாரம் ஐந்து நாள் என்றால் 4 வாரம் 20 வேலை நாள். மார்ச்சில் 8 போக 2026-ல் 12 நாள் பாக்கி. 12-ஐயும் எடுக்காதே, ஒரு நாள் தவறாக எண்ணிவிட்டால் கதை கந்தல். 10 எடு.

இப்படிப் போட்டுப் பார்த்தேன். டிசம்பர் 3 வியாழன் முதல் 16 புதன் வரை 10 வேலை நாள், சம்பளமில்லாமல். டிசம்பர் 17 முதல் 31 வரை மிச்சமிருக்கும் 9 நாள் ஆண்டு லீவு. நடுவில் 25-ம் தேதி கிறிஸ்துமஸ். 26 சனிக்கிழமை விழுவதால் அதற்குப் பதில் 28 திங்கள் வங்கி விடுமுறை. ஜனவரி 1 வெள்ளியும் விடுமுறை. பிறகு ஜனவரி 4 முதல் 15 வரை புது வருட ஆண்டு லீவில் 10 நாள். ஜனவரி 18 முதல் 29 வரை 10 நாள் சம்பளமில்லாமல். பிப்ரவரி 1 வேலை.

ஆண்டு லீவை வேண்டுமென்றேதான் பண்டிகை மேல் வைத்தேன். சம்பளமில்லா லீவுக்கு நடுவில் வங்கி விடுமுறை விழுந்தால் சில கம்பெனிகள் அந்த நாளுக்கும் சம்பளம் பிடிப்பார்கள். அப்போது சம்பளமில்லாத நாட்கள் உனக்குத் தெரியாமலே ஏறிவிடும். ஆண்டு லீவுக்கு நடுவில் விழுந்தால் அந்த வம்பு இல்லை.

11 வாரம் கிடைக்கவில்லை, எட்டு வாரத்துக்குச் சற்றுக் கூட. ஆனால் 2027-க்கு இன்னும் 10 நாள் சம்பளமில்லா லீவு கையில் நிற்கும். அப்பா உடம்பு இப்படி இருக்கும்போது அதை ஜனவரியிலேயே காலி செய்யாதே.

மணி, மான்செஸ்டர்
ஒப்புக்கொள்கிறேன், எங்கள் ஆளும் டிசம்பர்-ஜனவரியில்தான் எடுத்தார். அப்போ லீவே வேண்டாம், ஆறு மாதத்துக்கு வாரம் ஒரு நாள் சம்பளமில்லாமல் விட்டால்?

சாந்தி, ரெடிங்
ஆறு மாதம் என்றால் 26 நாள், எல்லாம் ஒரே வருடத்தில் விழுந்தால் 20-ஐத் தாண்டிவிடும். ஒப்பந்தத்தையே நாலு நாள் என்று மாற்றுவது தனிக் கதை. சம்பளம் குறையும், விசாவின் சம்பள வரம்புக்குக் கீழே போகலாம். அவள் சம்பளம் தெரியாமல் நான் அதில் வாய் திறக்க மாட்டேன்.

கயல், லீட்ஸ்
டிசம்பர் 3 முதல் என்றால் நவம்பர் முழுக்க ராத்திரிதான். சரி, சமாளிக்கிறேன். இப்போது மெயில்?

சாந்தி, ரெடிங்
கம்பெனியில் குறைந்தது 250 பேர் இருந்து, நீ 26 வாரம் வேலை பார்த்திருந்தால், படிப்புக்கு நேரம் கேட்கச் சட்டப்படி உரிமை உண்டு. கேட்கத்தான் உரிமை, கொடுத்தே ஆக வேண்டும் என்றில்லை. சம்பளம் தர வேண்டிய கட்டாயமும் இல்லை. ஆனால் முறைப்படி கேட்டால் 28 நாளுக்குள் ஒத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் உட்கார்ந்து பேச வேண்டும். பேசிய பின் 14 நாளில் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் வியாபாரக் காரணம் காட்ட வேண்டும்.

அதற்கு மெயிலில் சில விஷயம் இருந்தாக வேண்டும். தேதி போடு. இது 1996 வேலைவாய்ப்பு உரிமைச் சட்டத்தின் 63D பிரிவின் கீழான விண்ணப்பம் என்று எழுது. என்ன படிப்பு, எங்கே, எப்போது, யார் நடத்துகிறார்கள், என்ன பட்டம் என்று சொல். அப்புறம் இந்தப் படிப்பால் உன் வேலையும் கம்பெனியின் வேலையும் எப்படி மேம்படும் என்று எழுது. 12 மாதத்துக்கு ஒரு முறைதான் இப்படிக் கேட்கலாம், அதனால் அரைகுறையாக அனுப்பாதே.

குமரன், ஹாரோ
சட்டப் பிரிவை முதல் வரியிலேயே போட்டால் மேனேஜர் முகம் சுளிக்க மாட்டாவா? முதலில் நேரில் கதைத்துவிட்டு, பிறகு அனுப்பலாமே.

சாந்தி, ரெடிங்
நேரில் பேசட்டும், நல்லதுதான். ஆனால் பேச்சோடு நின்றால் 28 நாள் ஓட ஆரம்பிக்காது.

குமரன், ஹாரோ
அதிலே உங்களோடு முழுக்க ஒத்துப்போக மாட்டேன். சரி, விடுவம். திரும்பி வருகிற திட்டத்தை எப்படி எழுதுகிறாய் என்பதில்தான் இருக்கு விஷயம். 'பிப்ரவரி 1 வருவேன்' என்றால் போதாது. நீ இல்லாத எட்டுக் கிழமையும் அவர்கள் யாரை வைத்து ஓட்டுவது?

கயல், லீட்ஸ்
எழுதிப் பார்த்தேன், பாருங்கள்:

"மாதக் கடைசி ரிப்போர்ட்டுகள் இரண்டு என் பொறுப்பில் உள்ளன. நவம்பர் மாத ரிப்போர்ட்டை என் சக ஊழியர் என் அருகில் உட்கார்ந்து செய்வார், டிசம்பர், ஜனவரி ரிப்போர்ட்டுகளை அவரே தனியாகச் செய்வார். அதற்கான குறிப்பை நவம்பர் 20-க்குள் எழுதித் தருவேன். ஜனவரி 25 வாரத்தில் அரை மணி நேரம் உங்களுடன் போனில் பேசி நிலவரம் தெரிந்துகொள்கிறேன். பிப்ரவரி 1 முதல் முழு நேர வேலை. ஆய்வேடு தாமதமானாலும் இந்தத் தேதி மாறாது."

சாந்தி, ரெடிங்
கடைசி வாக்கியம் அருமை, அதைத்தான் மேனேஜர் தேடுவார். போன் பேச்சை எடுத்துவிடு. லீவில் வேலை பார்த்தாயா, அதற்குச் சம்பளம் உண்டா என்ற குழப்பம் வேண்டாம். எந்த நாள் சம்பளமில்லாதது, எந்த நாள் ஆண்டு லீவு என்று தேதியோடு தனியாகப் போடு. மார்ச்சில் எடுத்த 8 நாளையும் நீயே சொல்லிவிடு. பதில் வரும்போது, வேலை ஒப்பந்தம் இடையில் முறியாமல் தொடர்கிறது, அதே பதவிக்குத் திரும்புகிறாய் என்று எழுத்தில் வாங்கு. பென்ஷன் பிடித்தம் அந்த இரண்டு மாதமும் என்னாகும் என்று கேள். டிசம்பர் சம்பளம் ஏறக்குறைய பாதியாகிவிடும், வாடகைக்கு இப்போதே எடுத்து வை.

ஜெனிதா, கார்டிஃப்
ஆய்வேட்டை மதுரையில் உட்கார்ந்து எழுதலாமே? அப்பாவையும் பார்த்த மாதிரி இருக்கும்.

சாந்தி, ரெடிங்
போகலாம். யு.கே.க்கு வெளியே இருக்கும் நாட்கள் ஐ.எல்.ஆருக்கான கணக்கில் சேரும், எந்த 12 மாதத்திலும் 180-ஐத் தாண்டக் கூடாது. எட்டு வாரத்தால் ஆபத்தில்லை. மார்ச் பயண டிக்கெட்டை மட்டும் தொலைக்காமல் வை.

கயல், லீட்ஸ்
நேற்று அனுப்பினேன், இன்று மேனேஜர் கூப்பிட்டார். முதலில் நேரில்தான் பேசினேன் குமரன் அண்ணா, மாலையில் மெயில் போட்டேன் சாந்தி அக்கா. டிசம்பர் சரி என்கிறார். ஆனால் ஜனவரி 25 வாரம் புது சிஸ்டம் லைவ் போகிறதாம், அந்த வாரம் நான் வேண்டுமாம். அதுதான் என்னுடைய கடைசி வாரம். லைசென்ஸ் பார்ப்பவர் பெயரையும் கேட்டு வாங்கிவிட்டேன், அவரிடமிருந்து இன்னும் பதில் இல்லை. அந்த ஐந்து நாளை விட்டுக்கொடுத்து, அதற்குப் பதில் நவம்பர் கடைசியில் ஐந்து நாள் கேட்டால் 2026 கணக்கு இடிக்கிறது, இல்லையா?

சாந்தி, ரெடிங்
இடிக்கும், மூன்று நாளால். 12 பாக்கியில் 10 போட்டாயிற்று, மிச்சம் 2. அந்த 2-ஐயும் தொடச் சொல்ல மாட்டேன். கல்லூரியில் ஒரு வாரம் தள்ளித் தருவார்களா என்று கேட்டுப் பார்த்தாயா?