ஊர் மாறும் இடத்தில் நிறம் மாறணும்: எக்செல் அனுபவங்களைப் பகிருங்கள்

கோட்டையூர்க்காரன்
கோயிலுக்குக் குடும்பத்துக்கு ஒரு புள்ளி என்று வாங்கும் புள்ளி வரிப் பட்டியல். A பத்தியில் ஊர், அடுத்து பெயர், விலாசம், வரி. ஊர் வாரியாக அடுக்கி, ஊர் மாறும்போது பின்னணி நிறமும் மாறும்படி Conditional Formatting-இல் `=$A2<>$A1` என்று போட்டுத் தந்தான் தங்கச்சி மகன். அச்செடுத்துக் கூட்டத்தில் வைத்தோம். ஒவ்வொரு ஊரிலும் முதல் வரி மட்டும் சாம்பல், மீதியெல்லாம் வெள்ளை. பெரியவர் ஒருவர் விரலை வைத்து, "அப்பச்சி, இந்தச் சாம்பல் வரி மட்டுமா கோட்டையூர்? நம்ம ஊர்ல ஒரே புள்ளிதானா?" என்று கேட்டார். சபையே சிரித்தது. அந்த விரல் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது.

புதுவயல் ரைஸ்மில்
இதுக்கு ஏன் சூத்திரம்? Format as Table கொடுங்க, கோடு கோடா தானே நிறம் வரும். எங்க மில் கணக்கு பூரா அப்படித்தான்.

பள்ளத்தூர் ஆடிட்டர் ஆபீஸ்
ரைஸ்மில் அண்ணே, அது வரிக்கு வரி மாறும், ஊருக்கு ஊர் மாறாது. ஓர் ஊரில் 3 பேர், அடுத்ததில் 2 பேர் என்றால் அந்தக் கோடு உதவாது.

கோட்டையூர் அண்ணன் கேட்ட சூத்திரமும் பிழையில்லை. "மேலே உள்ளதிலிருந்து மாறிவிட்டதா?" என்று மட்டும்தான் அது கேட்கிறது. ஊரின் இரண்டாவது வரியில் பதில் "இல்லை", அதனால் வெள்ளை. நிறம் கீழே தொடர வேண்டுமென்றால், மேல் வரி எந்த நிறத்தில் இருந்தது என்பதை எங்காவது எழுதி வைக்கணும். அதற்கு ஓரமாக ஒரு பத்தி. H2-இல் இதைப் போட்டுக் கீழே இழுங்கள்:

```
=IF(A2=A1,N(H1),1-N(H1))
```

ஊர் அதேதான் என்றால் மேல் எண்ணே வரும். மாறினால் 1 போய் 0, 0 போய் 1. N எதற்கு என்றால், H1-இல் தலைப்பு எழுத்தாக இருக்கும். N இல்லாவிட்டால் முதல் வரியிலேயே #VALUE! வந்து கீழ்வரை ஓடும். அப்புறம் A2-இலிருந்து G கடைசி வரை தேர்ந்தெடுத்து, விதியில் `=$H2=1`. H பத்தியை மறைத்துவிடலாம்.

A:G என்று முழுப் பத்தியையும் தேர்ந்தெடுத்துவிட்டு இதே விதியைப் போட்டால் எல்லாம் ஒரு வரி மேலே நகர்ந்துவிடும். ஒவ்வோர் ஊரின் கடைசி ஆளும் அடுத்த ஊர் நிறத்தில் நிற்பார். அப்படிக் கண்டால் சூத்திரத்தைத் தொடாதீர்கள், Applies to எந்த வரியில் தொடங்குகிறது என்று பாருங்கள்.

கோட்டையூர்க்காரன்
போட்டேன், சரியா வந்தது. பள்ளத்தூர் மட்டும் உடையுது. 5, 6, 7 மூன்று வரியும் பள்ளத்தூர்தான். நடு வரி மட்டும் வேறு நிறம். கண்ணுக்கு ஒரே எழுத்து.

பள்ளத்தூர் ஆடிட்டர் ஆபீஸ்
`=LEN(A6)` பாருங்கள். 10 வரணும். 11 என்றால் பின்னால் ஓர் இடைவெளி ஒட்டியிருக்கிறது. TRIM போதும். இணையத்திலிருந்து ஒட்டியதென்றால் TRIM-க்கும் மசியாத இடைவெளியாக இருக்கலாம், அதற்கு `=SUBSTITUTE(A6,UNICHAR(160),"")`.

ஆத்தங்குடிக் கல் பட்டறை
எங்க கதை வேற. டைல்ஸ் ஆர்டர்ல வீட்டுப் பேரை முதல் வரியில மட்டும் எழுதுவோம், கீழே டிசைன் டிசைனா, A பத்தி காலி. நீங்க சொன்ன சூத்திரம் போட்டா காலியும் ஒரு மாற்றம்னு எண்ணிக்குது. எங்க பையன் `=IF(A2="",N(H1),1-N(H1))` போட்டான், நின்னுது. ஆனா இதை வரிசைப்படுத்தினா எந்தக் கல் எந்த வீடுன்னே தெரியாது. லோடு ஏத்துறவரு கேட்டுக்கிட்டு நிக்கிறாரு.

காரைக்குடி_பென்சன்
உதவிப் பத்தி எதற்கு? ஒரே வரியில் முடியும்:

```
=ISODD(SUMPRODUCT(--($A$2:$A2<>$A$1:$A1)))
```

மேலிருந்து இதுவரை எத்தனை முறை மாறியது என்று எண்ணி, ஒற்றைப்படை என்றால் நிறம்.

பள்ளத்தூர் ஆடிட்டர் ஆபீஸ்
ஐயா, சரியாகவே வரும். ஆனால் ஒவ்வொரு கட்டமும் உச்சியிலிருந்து எண்ணி வருகிறது. 200 வரிக்குப் பரவாயில்லை, சில ஆயிரம் என்றால் உருட்டும்போதே திரை திக்கும். என் கணக்கில் ஓரப் பத்திதான்.

காரைக்குடி_பென்சன்
என் கணினியில் திக்கவில்லை. மறைத்த பத்தியை யாராவது குப்பை என்று அழித்தால் என்ன செய்வீர்கள்?

கோட்டையூர்க்காரன்
சண்டை இருக்கட்டும் ஐயா. ஃபில்டரில் பள்ளத்தூரை மறைத்தால் கோட்டையூரும் புதுவயலும் ஒரே சாம்பலாக ஒட்டிக்கொள்கிறதே, அதற்கு என்ன வழி?

புதுவயல் ரைஸ்மில்
ஃபில்டர் எதுக்கு, ஊருக்கு ஒரு ஷீட் போடுங்க.