மேனேஜர் வாட்ஸ்அப்பில் பாராட்டினார், அதை அவார்டு நாமினேசனாக மாற்றுவது எப்படி? அவசரம்

தேவி_சுங்கைசிப்புட் | திங்கள், இரவு 9.40
வணக்கம். என் மேனேஜர் வாட்ஸ்அப்பில் என்னைப் பாராட்டி எழுதினார். கம்பெனியில் அவார்டு நாமினேசன் வெள்ளிக்கிழமையோடு மூடுகிறது. போன வருடமும் இப்படித்தான் பாராட்டினார், ஒன்றும் நடக்கவில்லை. ஸ்கிரீன்ஷாட்டை நேராக எச்.ஆருக்கு அனுப்பிவிடலாமா? தெரிந்தவர்கள் சீக்கிரம் சொல்லுங்கள்.

குமரன்_கூலிம் | 9.52
என்ன வேலை, எதற்குப் பாராட்டினார், என்ன வார்த்தை எழுதினார், தனி சாட்டா குரூப்பா? இது எதுவும் தெரியாமல் என்ன சொல்வது?

மணி_பகாவ் | 10.05
தங்கச்சி, எனக்கும் இதே கதை. பாயிலர் ஹவுஸில் வேலை. மூன்று வருடமாகக் குரூப்பில் பெருவிரல் படம் போடுகிறார்கள். போனஸ் வரும் நாளில் எல்லோருக்கும் ஒரே கணக்கு. நீங்கள் யூனியனில் இருக்கிறீர்களா? இருந்தால் போனஸ் உடன்பாட்டில் எழுதியபடிதான் வரும், மேனேஜர் நினைத்தாலும் கூட்டிக் கொடுக்க முடியாது.

பழைய_கிராணி | 10.20
தம்பி குமரன் சரியாகத்தான் கேட்டார். இந்தக் காலத்துப் பிள்ளைகள் கேள்வியையே பாதிதான் எழுதுகிறார்கள். நான் எஸ்டேட் ஆபீசில் முப்பது வருடம் இருந்தவன். மேனேஜர் வாயால் சொன்னதற்கு விலை கிடையாது, காகிதத்தில் கையெழுத்து வேண்டும். நாளைக் காலை அவர் ரூமுக்குப் போய் நாமினேசன் பாரத்தை நீட்டி, இதில் கையெழுத்துப் போடுங்கள் என்று சொல்லுங்கள். வேலை முடிந்தது.

தேவி_சுங்கைசிப்புட் | 10.48
மன்னிக்கவும், எழுதியிருக்க வேண்டும். செம்பனை மில்லில் எடைப்பாலக் கிராணி. ஒரு குத்தகை லோரி வெறும் லோரியாக வெளியே போகும்போது பல நாள் டிக்கெட்டில் 6,200 கிலோ, 6,200 கிலோ என்று ஒரே எண்ணாகவே இருந்தது. டீசல் நிரப்பினாலே கொஞ்சம் ஏறி இறங்கும், அதுகூட இல்லை. கேட்டால், கூட்டம் அதிகமான நாட்களில் வெளியே போகும் எடையைப் போடாமல், சிஸ்டத்தில் இருந்த பழைய எடையையே எடுத்திருக்கிறார்கள். கேட்டில் இருக்கும் பாதுகாவலர் அண்ணனோடு சேர்ந்து அந்த லோரியை மறுபடி ஏற்றிப் பார்த்தேன். 6,580. பக்கத் தடுப்பை உயர்த்தி இரும்பு போட்டிருக்கிறார்கள். அதாவது பழைய எடையை எடுத்த ஒவ்வொரு முறையும் 380 கிலோ குலை வராமலேயே காசு போயிருக்கிறது.
மேனேஜர் தனி சாட்டில் எழுதியது: "வெல்டன் தேவி, நல்லா கவனிச்சிருக்க, பெரிய உதவி." ஒன்பது நாள் ஆகிறது. நான் நன்றி என்று மட்டும் பதில் போட்டேன்.

லோகா_ஈப்போ | 11.15
தேவி, நான் எச்.ஆரில் இருக்கிறேன், இந்த நாமினேசன் பாரங்களைப் படிப்பதும் என் வேலைதான். முதலில், ஸ்கிரீன்ஷாட்டை எச்.ஆருக்கு அனுப்ப வேண்டாம். எங்களுக்கு அது வந்தால், மேனேஜர் நாமினேட் செய்தாரா என்று அவரிடமே திருப்பிக் கேட்போம். அவருக்குத் தெரியாமல் நீங்கள் அனுப்பியதாகப் போய்விடும்.
அப்புறம், அவர் வரியைப் பாருங்கள். பெரிய உதவி என்கிறார். எந்த உதவி, எவ்வளவு என்பது அதில் இல்லை. கமிட்டியில் உட்கார்ந்திருப்பவருக்கு 6,200ம் தெரியாது, 6,580ம் தெரியாது. மேனேஜர்களில் பாதிப் பேர் நாமினேட் செய்யாமல் போவதற்குக் காரணம் மனசில்லாதது அல்ல. பாரத்தில் அரைப் பக்கம் எழுத வேண்டும், எழுத நேரமில்லை. அதை நீங்கள் எழுதிக் கொடுங்கள், அவர் பெயரில் போகட்டும்.
ஆனால் அதற்கு முன் ஒரு எண் வேண்டும். எத்தனை டிக்கெட்டில் இந்த 6,200 இருக்கிறது?

தேவி_சுங்கைசிப்புட் | 11.31
61 டிக்கெட். அந்த மாதம் கணக்குப் பிரிவு போட்ட விலை டன்னுக்கு 800 வெள்ளி. 61 பெருக்கல் 380, 23 டன்னுக்கு மேல். 18,500 வெள்ளி வரும். வருடத்துக்குப் பெருக்கினால் இரண்டு லட்சத்தைத் தாண்டுகிறது. அதை எழுதலாமா?

லோகா_ஈப்போ | 11.50
வருடக் கணக்கு வேண்டாம். அந்த லோரி வருடம் முழுக்க அப்படி ஓடியதற்கு உங்களிடம் ஆதாரம் இல்லை. கமிட்டியில் ஒரு கணக்காளர் இருந்தால் அந்த ஒரு வரிக்காகப் பாரம் முழுவதையும் சந்தேகிப்பார்.
61 என்பதிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. பக்கத் தடுப்பை எந்த நாளில் உயர்த்தினார்கள்? அதற்கு முன் போன டிக்கெட்டில் 6,200 சரியான எடையாகவே இருந்திருக்கலாம். அந்தத் தேதிக்குப் பிறகு வந்த டிக்கெட்டை மட்டும் எண்ணுங்கள்.

பழைய_கிராணி | செவ்வாய், காலை 6.35
இவ்வளவு கணக்கா? எங்கள் காலத்தில் துரை ஒரு தடவை தலையாட்டினால் போதும். அந்த லோரிக்காரன் ஏமாற்றியிருக்கிறான் என்று தெளிவாக எழுதுங்கள், அதுதான் கேஸைத் தூக்கிக் கொடுக்கும்.

லோகா_ஈப்போ | 7.10
அண்ணன், அதை மட்டும் எழுதவே கூடாது. அவர் தடுப்பை உயர்த்தினார், சிஸ்டத்தில் எடையை மாற்றவில்லை. மாற்ற வேண்டியது மில்லின் வேலையாகவும் இருக்கலாம். ஏமாற்று என்று எழுதினால் அது நாமினேசன் அல்ல, புகார். நேராக ஆடிட்டுக்குப் போகும், தேவியையும் சாட்சியாகக் கூப்பிடுவார்கள், அவார்டு அங்கேயே நின்றுவிடும். ஸ்கிரீன்ஷாட்டைப் பாரத்தோடு இணைப்பதாக இருந்தால் குத்தகைக்காரர் பெயரையும் லோரி நம்பரையும் மறைத்துவிட வேண்டும்.

சரஸ்_கம்பார் | 8.02
ஒரு சந்தேகம். அவார்டுக் காசு கிடைத்தால் வரி கட்ட வேண்டுமா? பத்து வருடம் வேலை செய்தவருக்கு மட்டும்தான் விலக்கு என்று என் கணவர் சொல்கிறார். இவர் புதுசு என்றால் போனஸாகவே கேட்கலாமே, எல்லாம் ஒன்றுதானே.

குமரன்_கூலிம் | 8.15
ஒன்றல்ல. போனஸ் முழுவதும் வரிக்குட்பட்ட வருமானம், இ.பி.எஃப். பிடிப்பார்கள். வருடப் போனஸில் சொக்சோ பிடிப்பதில்லை. சேவைச் சிறப்பு அவார்டு போன்றவற்றுக்கு வருடத்துக்கு 2,000 வெள்ளி வரை விலக்கு உண்டு.

லோகா_ஈப்போ | 8.40
குமரன் சொல்வது சரி. சரஸ், பத்து வருடக் கணக்கு நீண்ட காலச் சேவை அவார்டுக்கு மட்டும். மற்றவற்றுக்கு அந்த நிபந்தனை இல்லை. ஆனால் கம்பெனி அதைப் பேரளவில் அவார்டு என்று சொல்லி எல்லோருக்கும் கொடுத்தால் நிற்காது. எதற்குக் கொடுத்தார்கள் என்று காகிதத்தில் இருக்க வேண்டும்.

மணி_பகாவ் | 9.05
அப்படியென்றால் யூனியன் உறுப்பினருக்குக் காசு அவார்டு கொடுக்கலாமா கொடுக்கக்கூடாதா? எங்கள் மில்லில் கேட்டால் ஒவ்வொருவர் ஒவ்வொன்று சொல்கிறார்கள்.

பழைய_கிராணி | 9.20
கூடாது. உடன்பாட்டுக்கு வெளியே தனி ஆளுக்குக் காசு கொடுத்தால் மற்றவர் கேள்வி கேட்பார்.

குமரன்_கூலிம் | 9.31
எங்கள் இடத்தில் கொடுத்தார்கள் அண்ணன், யாரும் கேட்கவில்லை. உடன்பாடு குறைந்த அளவைச் சொல்கிறது, அதற்கு மேல் கொடுப்பதைத் தடுக்கவில்லை.

பழைய_கிராணி | 9.44
உங்கள் இடம் வேறு. உங்கள் உடன்பாட்டைப் படித்துப் பாருங்கள், பிறகு பேசலாம்.

லோகா_ஈப்போ | 10.10
மணி, கம்பெனியின் அவார்டு விதியில் யாருக்கு உண்டு என்று ஒரு பத்தி இருக்கும், அதைக் கேட்டு வாங்குங்கள். தேவி, நீங்களும் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். எச்சரிக்கைக் கடிதம் இருந்தால் சில இடங்களில் தகுதி போய்விடும். தானே தன்னை நாமினேட் செய்ய முடியாது என்றும் இருக்கலாம்.

தேவி_சுங்கைசிப்புட் | மதியம் 1.15
விதியைப் பார்த்தேன். மேனேஜர்தான் போட வேண்டும், எனக்குத் தகுதி உண்டு. லோரிக்காரரிடம் மெதுவாகக் கேட்டேன், தடுப்பை உயர்த்தியது போன மாதம் 3ஆம் தேதி என்றார், பட்டறை ரசீதையும் காட்டினார். அதற்குப் பிறகு 48 டிக்கெட். 18.24 டன், 14,592 வெள்ளி. காசை அடுத்த பில்லில் கழிக்கலாமா என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஒன்பது நாள் கழித்து மேனேஜரிடம் எப்படி ஆரம்பிப்பது? சும்மா போய்க் கேட்க வாய் வரவில்லை.

லோகா_ஈப்போ | 1.50
இப்போது உங்களிடம் புது விஷயம் இருக்கிறதே. 48 டிக்கெட்டைக் கணக்குப் பிரிவில் ஒருவர் பார்த்துச் சரி என்று சொல்லட்டும், அதையே ஆரம்பமாக வையுங்கள். அதே சாட்டில், அவர் பாராட்டிய வரிக்கே பதிலாகப் போடுங்கள், அப்போது அவர் சொன்னது அவர் கண் முன்னாலேயே இருக்கும். நீங்கள் மலாயில் எழுதிக்கொள்ளுங்கள், விஷயம் இப்படி:

"என்சிக், அன்றைக்கு நீங்கள் சொன்ன லோரி எடை விஷயம். 3ஆம் தேதிக்குப் பிறகு வந்த 48 டிக்கெட்டைக் கணக்குப் பிரிவு பார்த்துவிட்டது, 18.24 டன், 14,592 வெள்ளி. நேற்றிலிருந்து எல்லா லோரிக்கும் வெளியே போகும் எடையைப் போடுகிறோம். வெள்ளிக்கிழமை மூடும் அவார்டுக்கு இதை நாமினேட் செய்யத் தகுந்தது என்று நினைத்தால், பாரத்துக்கு நான் வரைவு எழுதி நாளைக்குள் அனுப்பட்டுமா? நீங்கள் மாற்றிக்கொள்ளலாம்."

அவர் பார்க்கலாம் என்று மட்டும் சொன்னால் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வரைவை அனுப்பிவிட்டு, வியாழன் மதியத்துக்குள் பார்க்க முடியுமா என்று ஒரு நேரம் கேளுங்கள். வரைவில் 14,592 மீட்கப்பட்டது என்று எழுத வேண்டாம், காசு இன்னும் திரும்பவில்லை. கூடுதலாகப் போனது கண்டுபிடிக்கப்பட்டது, நிறுத்தப்பட்டது, இதுவே போதும். பாரத்தில் அவர் சொன்ன வரியை அப்படியே, தேதியோடு போடுங்கள். தனி சாட் என்பதால் அதற்கும் அனுமதி கேளுங்கள்.
நேற்றிலிருந்து எல்லா லோரிக்கும் எடை போடுவது உண்மைதானே? இல்லையென்றால் அந்த வரியை எடுத்துவிடுங்கள்.

தேவி_சுங்கைசிப்புட் | 2.05
உண்மைதான் அக்கா. நேற்றுக் காலையிலிருந்து. கூட்டம் வந்தால் லோரி வரிசை ரோடு வரை நிற்கிறது, ஆனாலும் போடுகிறோம்.

சரஸ்_கம்பார் | 3.30
பழைய எடையை எடுக்கும் வசதியையே சிஸ்டத்திலிருந்து எடுத்துவிடலாமே? எங்கள் மில்லில் அந்தப் பட்டனே கிடையாது.

தேவி_சுங்கைசிப்புட் | வெள்ளி, மாலை 5.20
எல்லோருக்கும் நன்றி. புதன்கிழமை வரைவு அனுப்பினேன், வியாழன் காலையிலேயே படித்துவிட்டார். இரண்டு மாற்றம் செய்தார். கேட் பாதுகாவலர் அண்ணன் பெயரையும் சேர்க்கச் சொன்னார், தலைப்பில் செலவு மிச்சம் என்பதை எடுத்துவிட்டு எடை நடைமுறைத் திருத்தம் என்று போட்டார். பாரம் இன்று மதியம் போய்விட்டது. முடிவு அடுத்த மாதம். வேலைக்குக் கிளம்புகிறேன், இரவு ஷிப்ட்.