வீட்டிலிருந்து வேலை: இணையச் செலவைக் கேட்கும் கடிதத்திற்கு உதவி தேவை

குழு நண்பர்களுக்கு வணக்கம். கோபிசெட்டிபாளையம் அருகே எங்கள் தோட்டத்து வீட்டிலிருந்து, திருப்பூர் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றிற்கு மெர்ச்சண்டைசராக வேலை செய்கிறேன். இணையத்திற்கும் கைப்பேசிக்கும் மாதந்தோறும் ஒரே தொகையாகத் தருமாறு நிறுவனத்திடம் எழுத்தில் கேட்க இருக்கிறேன்.

பிராட்பேண்ட் கட்டணம் 799 ரூபாய், 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் 943 ரூபாய். கைப்பேசிக்கு 349 ரூபாய் ரீசார்ஜ் 28 நாளுக்கே வருவதால், ஆண்டுக்கு 13 முறை போட வேண்டியிருக்கிறது; மாதத்திற்கு 378 ரூபாய் ஆகிறது. முழுவதையும் கேட்பது நியாயமில்லை, மாலையில் பிள்ளைகளும் அதே வைஃபையில்தான் பாடம் பார்க்கிறார்கள். ஆகவே இணையத்தில் 70 சதவீதமும் கைப்பேசியில் பாதியும் அலுவலகப் பங்கு என்று வைத்து, 850 ரூபாய் கேட்கலாம் என்றிருக்கிறேன். சென்ற மாதம் காற்றில் தென்னை மட்டை விழுந்து கேபிள் அறுந்தபோது, இரண்டு நாள் வாங்குபவர் அழைப்புகள் அனைத்தையும் கைப்பேசி டேட்டாவில்தான் பேசினேன். அதனால் கைப்பேசிப் பங்கை விட்டுவிட மனமில்லை.

என் தயக்கம் இதுதான்: ரசீது இல்லாமல் படியாகத் தந்தால் அது சம்பளத்தோடு சேர்ந்து வரிக்கு உட்படும். எனவே, ரசீது கொடுத்து 850 ரூபாய் வரை திரும்பப் பெறுவதாகவே எழுதட்டுமா? பிராட்பேண்ட் இணைப்பு என் மாமனார் பெயரில் இருக்கிறது. கணக்குப் பிரிவினர் அந்த ரசீதை ஏற்பார்களா, பெயரை முதலில் மாற்றிவிட வேண்டுமா? இப்படிக் கேட்டுப் பெற்றவர்கள் தங்கள் கடிதத்தின் வாசகத்தைப் பகிர்ந்தால் பெரிய உதவியாக இருக்கும்.