லேபிளில் சி10-ஆ சி20-ஆ, சீரியல் நம்பர் எங்கே? உதவி தேவை

மதுரையில் ஒரு வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி: 12 வோல்ட், டால் டியூபுலர், வாங்கி மூன்று வருடம் ஆகப்போகிறது. கரண்ட் போனால் முன்பு நான்கு மணி நேரம் தாங்கியது இப்போது ஒன்றரை மணியில் நின்றுவிடுகிறது. டிஸ்டில்ட் வாட்டர் அளவு சரியாக இருக்கிறது.

லேபிளில் 150 ஏஹெச் தெளிவாகத் தெரிகிறது. பக்கத்தில் 'சி' எழுத்துக்குப் பின் வரும் எண் ஆசிட் கசிவில் அழிந்துவிட்டது. சி20 என்றால் 7.5 ஆம்பியர் வீதம் 20 மணி நேரம், சி10 என்றால் 15 ஆம்பியர் வீதம் 10 மணி நேரம். இரண்டும் ஒரே பேட்டரி அல்ல. வாரண்டி வரியில் '+24' மட்டும் மிச்சம். முன்னால் இருப்பது 30-ஆ 36-ஆ என்பதுதான் சிக்கல்; இலவச மாற்று அந்த முதல் எண்ணுக்குத்தானே, பின்னால் உள்ள 24 மாதத்துக்குத் தள்ளுபடி மட்டும். சீரியல் நம்பரிலும் கடைசி நான்கு எழுத்து போய்விட்டது. பில் தெர்மல் பேப்பர், வெள்ளையாகிவிட்டது.

செய்து பார்த்தவை: ஈரத்துணியால் மெதுவாகத் துடைத்தேன் (அழுத்தினால் மிச்சமும் போய்விடும்). ஃப்ளாஷ் அணைத்து, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் பத்துப் படம் எடுத்தேன். கருப்பு வெள்ளையாக்கி கான்ட்ராஸ்ட் ஏற்றினேன். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கி மங்குகிறது என்று டாக்குமெண்டாகவே டீலருக்கு அனுப்பினேன். முழு சீரியல் இல்லாமல் புகார் பதிய முடியாது என்கிறார்.

டால் டியூபுலரில் லேபிள் தவிர வேறு எங்கே, டெர்மினல் ஈயத்திலா மூடி ஓரத்திலா, சீரியல் அல்லது தயாரிப்பு மாதம் பொறித்திருப்பார்கள்?